பெரியம்மாவின் கடிதமும் பத்து மில்லிகிராம் மாத்திரையும்

என் பெரியம்மாவுக்கு 63 வயது. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூரில், தையல் மிஷினை நம்பியே பிள்ளைகளைக் கரையேற்றியவர். இரண்டு வருடமாக பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஏப்ரல் மாதக் கடைசியில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, சாயங்காலம் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு மெட்டியைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். சோப்பு போட்டும் அது நகரவில்லை. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"டாக்டர்ட்ட சொன்னீங்களா, பெரியம்மா?"

"சொன்னேன்னுதான் நெனக்கிறேன். உள்ள போனா அஞ்சு நிமிஷம். பிரஷர் பாத்து எழுதிக் குடுத்துடுறாரு. வெளியில வந்து செருப்ப மாட்டும்போதுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வருது."

இந்தத் தடவை மறந்துவிடக் கூடாது என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கடிதமே எழுதி வைத்திருந்தார். "டாக்டர் ஐயா, நீங்கள் கொடுத்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கால் எல்லாம் வீங்கிப் போகிறது. ராத்திரி தூக்கம் இல்லை. தலை சுற்றுகிறது. வேறு நல்ல மாத்திரையாக எழுதித் தரவும்."

ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனாலும் இதை வைத்து எந்த மருத்துவரும் ஒரு முடிவுக்கு வர முடியாது. பெரியம்மா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தது நான்கு மாத்திரை. அதில் எது ஒத்துக்கொள்ளவில்லை? எப்போதிலிருந்து? வீக்கம் ஒரு காலிலா, இரண்டிலுமா? காலையிலா, மாலையிலா? கால் வீக்கம் என்று ஒருவர் வந்து நின்றால் மருத்துவரின் மனதுக்குள் ஓடும் பட்டியல் நீளமானது. இதயம் பலவீனமானாலும் வீங்கும், சிறுநீரகம் கெட்டாலும் வீங்கும், ஈரல், தைராய்டு, ரத்தக்குழாயில் கட்டி என்று எதனாலும் வீங்கும். மாத்திரையாலும் வீங்கும். தூக்கமின்மையையும் தலைசுற்றலையும் அதோடு சேர்த்துக் கொட்டினால் எந்த நூலைப் பிடித்து இழுப்பது என்று அவருக்குத் தெரியாது.

அன்று இரவு பாயை விரித்து, வீட்டிலிருந்த மாத்திரை அட்டை எல்லாவற்றையும் அதில் பரப்பினோம். பழைய சீட்டுகளையும் நோட்டையும் எடுத்தோம். ஒரு வெள்ளைத் தாளில் தேதிகளை மட்டும் எழுத ஆரம்பித்தேன். எந்த மாத்திரை எந்த நாளில் ஆரம்பித்தது, எப்போது அளவு மாறியது, எந்தத் தொந்தரவு எப்போது தொடங்கியது. மருந்தின் பக்கவிளைவைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை இந்தத் தேதிகளிலேயே முடிந்துவிடும். தொந்தரவு வந்த நாளுக்குச் சற்று முன்னால் என்ன மாறியது என்பதே முதல் கேள்வி.

பெரியம்மா சாப்பிடும் பிரஷர் மாத்திரை அம்லோடிபின். இந்தியாவில் மிக அதிகமாக எழுதப்படும் பிரஷர் மருந்துகளில் ஒன்று. விலை குறைவு, நாளுக்கு ஒன்று போதும், நன்றாகவே வேலை செய்யும். முதல் இரண்டு வருடமும் 5 மில்லிகிராம். அப்போது ஒரு தொல்லையும் இல்லை. மார்ச் 4ஆம் தேதி போனபோது பிரஷர் 156/94 இருந்ததால் டாக்டர் 10 மில்லிகிராமாக உயர்த்தினார். மெட்டி இறுகியது எப்போது என்று கேட்டேன். பங்குனி உத்திரத்துக்குக் கோயிலுக்குப் போகப் புறப்பட்ட அன்று செருப்பு வார் அழுந்தியது நினைவிருக்கிறது என்றார். அளவு கூடி ஏறக்குறைய மூன்று வாரம்.

இந்த மருந்துக்கும் கணுக்கால் வீக்கத்துக்கும் உள்ள தொடர்பு மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அம்லோடிபின் ரத்தக்குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. ஆனால் அது விரிப்பது பெரும்பாலும் ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு தமனிகளை. ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரைகள் அந்த அளவுக்கு விரிவதில்லை. வயலுக்குத் தண்ணீர் வரும் மடையை அகலமாகத் திறந்துவிட்டு, வடிகாலைப் பழைய அளவிலேயே விட்டதுபோல. நடுவிலிருக்கும் மெல்லிய நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து சதைக்குள் தேங்குகிறது. புவியீர்ப்பு அதைக் கீழே இழுப்பதால் கணுக்காலில் தெரிகிறது. பகல் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து தைப்பவருக்குச் சாயங்காலம் அதிகமாகவும், படுத்து எழுந்த காலையில் குறைவாகவும் இருக்கும்.

அளவு கூடக்கூட இது கூடும். அமெரிக்காவில் இந்த மருந்தோடு தரப்படும் அதிகாரபூர்வத் தகவல் தாளில், 5 மில்லிகிராம் எடுத்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கும் 10 மில்லிகிராம் எடுத்தவர்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 11 பேருக்கும் வீக்கம் வந்ததாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். பெரியம்மாவுக்கு நடந்தது அபூர்வமானது அல்ல. யாருடைய தவறும் அல்ல.

இதற்கு நடுவில் அவர் இரண்டு காரியங்கள் செய்திருந்தார். இரண்டையும் சொல்லத் தயங்கினார்.

முதலாவது, "மாத்திரைதானா என்று பார்ப்போம்" என ஏப்ரல் மாதத்தில் இரண்டு நாள் பிரஷர் மாத்திரையை நிறுத்திப் பார்த்திருக்கிறார். வீக்கம் குறையவில்லை. பக்கத்து வீட்டு மிஷினில் பார்த்தால் பிரஷரும் ஏறவில்லை. ஆகவே வீக்கத்துக்கு மாத்திரை காரணமில்லை என்றும், மாத்திரை இல்லாமலே பிரஷர் நன்றாக இருக்கிறது என்றும் மனதில் ஒரு கணக்கு. இரண்டுமே தப்பு. அம்லோடிபின் உடம்பைவிட்டு மிக மெதுவாகப் போகும் மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். இரண்டு நாள் நிறுத்தினால் பாதிக்கு மேல் உள்ளேயே இருக்கலாம். அதனால் நல்லதும் உடனே போகாது, கெட்டதும் உடனே போகாது. வீக்கம் வடிய ஒரு வாரமோ இரண்டு வாரமோ பிடிக்கும். பிரஷரும் அதே வேகத்தில் சத்தமில்லாமல் ஏறும். இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அம்லோடிபின் மெதுவாக வெளியேறியதால் பெரியம்மா தப்பினார். அட்டெனலால் போன்ற மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால், இதயநோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். தானாக நிறுத்திப் பார்ப்பது வீட்டில் செய்யும் பரிசோதனை அல்ல.

இரண்டாவது காரியம் இன்னும் முக்கியமானது. ஏப்ரல் 10ஆம் தேதி, பெரிய டாக்டரிடம் போக பஸ் ஏற வேண்டுமே என்று, தெருமுனையில் வேறொரு கிளினிக்கில் காலைக் காட்டியிருக்கிறார். அங்கே பிரஷர் மாத்திரை பற்றிய பேச்சே வரவில்லை. நீர் பிரிய மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்: ஃப்ரூசமைடு 40 மில்லிகிராம். உடம்பில் உப்பும் நீரும் சேர்ந்து வரும் வீக்கத்துக்கு அது அருமையான மருந்து. ஆனால் அம்லோடிபினால் வரும் வீக்கம் நீர் கூடிப்போனதால் வருவதில்லை. இருக்கும் நீர் இடம் மாறித் தேங்குவதால் வருகிறது. நீரை வெளியேற்றினால் வீக்கம் பெரிதாகக் குறையாது. உடம்புதான் வறளும். தேதிகளை வரிசையாக எழுதியபோது அது பளிச்சென்று தெரிந்தது. ராத்திரி நான்கு தடவை எழுந்து போவது, தூக்கமின்மை, எழுந்து நின்றால் தலைசுற்றல், கெண்டைக்கால் பிடித்து இழுப்பது எல்லாமே ஏப்ரல் 10க்குப் பிறகு வந்தவை. காலண்டர் தாளில் ஒன்றாகக் கிடந்த மூன்று தொந்தரவும் இப்போது இரண்டு மருந்துகளுக்குப் பிரிந்துபோயின. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து, அதற்கு இன்னொரு மருந்து, அதன் பக்கவிளைவுக்கு மூன்றாவது மருந்து என்று சங்கிலி நீள்வது வயதானவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது. வீட்டில் யாராவது தேதி எழுதி வைத்தால்தான் அந்தச் சங்கிலி கண்ணில் படும்.

பாயில் மிச்சமிருந்தது வயிற்று எரிச்சல் மாத்திரையும், பெயரே இல்லாத ஒரு துண்டு அட்டையும். மெடிக்கல் ஷாப்பில் பத்து மாத்திரை அட்டையை நான்காக வெட்டித் தருவார்களே, அப்படி வெட்டியதில் பெயர் இருந்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. "அது ஒண்ணுமில்ல, முட்டிவலிக்கு. பொங்கல்லேருந்து போட்டுக்கிறேன். இதையெல்லாம் டாக்டர்ட்ட சொல்லணுமா?" மறுநாள் துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பெயர் கேட்டேன். டைக்ளோஃபினாக் 50 மில்லிகிராம். தினம் இரண்டு.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் செய்யும். பிரஷரை ஏற்றும். வீக்கத்தையும் தரும். ஜனவரியில் வலி மாத்திரை ஆரம்பித்தது, மார்ச்சில் பிரஷர் ஏறியிருந்தது, அதற்காக அம்லோடிபின் இரட்டிப்பானது, அதனால் கால் வீங்கியது, அதற்காக நீர் மாத்திரை வந்தது. தொடக்கம் முட்டிவலியாகவே இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். உறுதி செய்வது மருத்துவர் வேலை. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரை கடிதத்தில் இல்லாமல் போயிருந்தால், உறுதி செய்வதற்கு அவர் கையில் ஒன்றுமே இருந்திருக்காது.

அடுத்த ஒரு வாரம் பிரஷர் மிஷின் ஒன்றை வாங்கி வைத்து, காலையிலும் மாலையிலும் பார்த்தோம். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வைத்து இரண்டு தடவை. மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்பவர், இப்போதைய மருந்து பிரஷரை எந்த அளவில் வைத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குறைக்க இடமிருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பது அதில்தான். பிறகு பெரியம்மா தன் கையாலேயே எழுதினார். நான் வரிசை மட்டும் சொன்னேன்.

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். என் வயது 63. இரண்டு வருடமாகத் தங்களிடம் பிரஷருக்குப் பார்த்து வருகிறேன். சர்க்கரை இல்லை. மாத்திரை சேர்ந்த பிறகு வந்த தொந்தரவைத் தெரிவித்து, மாற்ற முடியுமா என்று கேட்க இதை எழுதுகிறேன்.

அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிட்ட வரை ஒரு தொந்தரவும் இல்லை. மார்ச் 4ஆம் தேதி 10 மில்லிகிராமாக உயர்த்தினீர்கள். மூன்று வாரம் கழித்து இரண்டு கணுக்காலிலும் வீக்கம் வந்தது. சாயங்காலம் அதிகம், காலையில் பாதிக்குப் பாதி குறைந்திருக்கும். அழுத்தினால் குழி விழுகிறது. வலியோ சிவப்போ இல்லை. மெட்டி கழற்ற முடியவில்லை.

மூச்சு வாங்கவில்லை. ஒரு தலையணையில்தான் படுக்கிறேன். காலையில் முகமோ கண் இமையோ வீங்குவதில்லை. சிறுநீரில் நுரை இல்லை.

ஏப்ரல் 10 முதல் வேறு கிளினிக்கில் கொடுத்த ஃப்ரூசமைடு 40 மில்லிகிராம் தினம் காலை ஒன்று சாப்பிடுகிறேன். வீக்கம் கொஞ்சம்தான் குறைந்தது. அதற்குப் பிறகு இரவில் நான்கு தடவை சிறுநீர் போகிறேன், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது. கீழே விழவில்லை.

இதைத் தங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பொங்கலில் இருந்து முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கி டைக்ளோஃபினாக் 50 மில்லிகிராம் தினம் இரண்டு சாப்பிட்டு வருகிறேன். வயிற்று எரிச்சலுக்கு பான்டோப்ரசோல் 40, தினம் ஒன்று. நாட்டு மருந்து எதுவும் இல்லை.

ஏப்ரல் மாதத்தில் இரண்டு நாள் பிரஷர் மாத்திரையை நானாக நிறுத்திப் பார்த்தேன். பிறகு விடாமல் சாப்பிடுகிறேன். போன ஒரு வாரம் வீட்டில் பார்த்த பிரஷர் 126/76க்கும் 138/84க்கும் இடையில் இருந்தது. நாள்வாரியாகப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

நான் கேட்பது: வீக்கம் அம்லோடிபினால்தானா? அப்படியானால் அளவைக் குறைக்கவோ வேறு மாத்திரைக்கு மாற்றவோ முடியுமா? நீர் மாத்திரையைத் தொடரலாமா? முட்டிவலிக்கு வேறு என்ன செய்யலாம்? தாங்கள் சொல்லும் வரை பிரஷர் மாத்திரையை நிறுத்த மாட்டேன்."

இல்லாத அறிகுறிகளுக்கென்று ஒரு பத்தி இருப்பதைக் கவனியுங்கள். மூச்சு வாங்கவில்லை என்பதும் தலையணை எண்ணிக்கையும் இதயம் பற்றிய கேள்விக்குப் பதில். காலை முகவீக்கமும் நுரையும் சிறுநீரகத்துக்கு. வலி, சிவப்பு இல்லாமல் இரண்டு காலிலும் ஒரே மாதிரி என்பது ரத்தக்கட்டிக்கான சந்தேகத்தைக் குறைக்கிறது. டாக்டர் எப்படியும் கேட்கப்போகும் கேள்விகள் இவை. தானாக நிறுத்திய இரண்டு நாளை எழுதப் பெரியம்மா மிகவும் கூச்சப்பட்டார். திட்டுவாரோ என்று பயம். அதை மறைத்திருந்தால், மாத்திரை இல்லாமலும் பிரஷர் ஏறவில்லை என்ற அந்தத் தவறான கணக்கு அவர் மனதிலேயே தங்கியிருக்கும், யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள்.

அண்டை வீட்டம்மா சாப்பிடும் மாத்திரையின் பெயரை எழுதி, "அதையே தாருங்கள்" என்று கேட்க அவருக்கு ஆசை. நான் வேண்டாம் என்றேன். இந்த வீக்கத்துக்கு மருத்துவர் முன்னால் பல வழிகள் இருக்கின்றன. அளவைக் குறைக்கலாம். டெல்மிசார்டன் மாதிரி சிரைகளையும் சற்று விரிக்கும் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கலாம். வடிகாலும் திறந்துகொள்வதால் வீக்கம் குறைகிறது. சில்னிடிபின் என்ற நெருங்கிய உறவு மருந்துக்கு மாற்றலாம். அதில் வீக்கம் குறைவு. ஆனால் எதுவும் விலையில்லாமல் வருவதில்லை. டெல்மிசார்டன் கொடுத்தால் ரத்தத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். அதோடு நீர் மாத்திரை, டைக்ளோஃபினாக் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். பக்கத்து வீட்டம்மா முட்டிவலி மாத்திரை சாப்பிடாதவராக இருக்கலாம். மருந்தின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடமே விட்டு, அதற்கு வேண்டிய விவரங்களைக் குறைவில்லாமல் கொடுப்பதுதான் நோயாளியின் பக்கம்.

கடிதம் எழுதி ஒரு வாரம் காத்திருக்கக்கூடாத பக்கவிளைவுகளும் உண்டு. மாத்திரை போட்ட பின் உதடோ நாக்கோ முகமோ வீங்குவது, மூச்சு திணறுவது, தோலில் கொப்புளமும் வாயில் புண்ணும் சேர்ந்து வருவது, மயங்கி விழுவது, ஒரு கால் மட்டும் வலியோடு வீங்குவது. இவற்றுக்கு அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மே மாதம் முதல் வாரத்தில் நானும் கூடப் போனேன். டாக்டர் கடிதத்தை முழுக்கப் படித்தார், டைக்ளோஃபினாக் என்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டார். காலை அழுத்திப் பார்த்தார், நெஞ்சிலும் முதுகிலும் குழல் வைத்துக் கேட்டார், ஈ.சி.ஜி. எடுத்தார், சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியமும் பார்க்கச் சொன்னார். முடிவு சாயங்காலம் வந்தது. சிறுநீரகம் சரியாக இருந்தது, பொட்டாசியம் கொஞ்சம் இறங்கியிருந்தது. நீர் மாத்திரையையும் வலி மாத்திரையையும் நிறுத்தினார். முட்டிக்குப் பாரசிட்டமாலும் தடவும் மருந்தும் தொடைத் தசைக்குப் பயிற்சியும். அம்லோடிபினைப் பழையபடி 5 மில்லிகிராமாக்கி, டெல்மிசார்டன் 40 சேர்த்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், வீட்டில் பிரஷர் 140க்கு மேலேயே நின்றால் அதற்குமுன் வர வேண்டும் என்றார்.

"வலி மாத்திரை நின்னதுலயே பிரஷர் எறங்கினாலும் எறங்கும்மா. அப்ப இன்னும் குறைக்கலாம். இந்தப் பேப்பர நோட்டுலயே ஒட்டி வைங்க" என்றார்.

வெளியே வந்ததும் பெரியம்மா கேட்டார், "இது மாதிரி எத்தன பேருக்கு வருமோ, யாராவது கணக்கு வச்சிருப்பாங்களா?" வைத்திருக்கிறார்கள். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் இதற்கென்று தேசியத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் நோயாளியே கூப்பிட்டுச் சொல்லலாம், நோயாளிகளுக்கென்று படிவமும் உண்டு. அவர்கள் கேட்பது என்ன மருந்து, என்ன அளவு, எப்போது ஆரம்பித்தது, தொந்தரவு எப்போது வந்தது, கூட என்னென்ன மருந்து, இப்போது எப்படி இருக்கிறது என்பவைதான். எல்லாம் அந்தக் கடிதத்தில் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது பெரியம்மா இன்னொரு சிறு கடிதம் கொண்டுபோனார். இந்தத் தடவை என்னைக் கேட்கவில்லை. போனில் படித்துக் காட்டினார்: "நீர் மாத்திரை நிறுத்திய மூன்றாம் நாளே தலைசுற்றல் போய்விட்டது. இரவில் ஒரு தடவைதான் எழுந்திருக்கிறேன். வீக்கம் எட்டாம் நாளில் இருந்து குறைந்து, இப்போது சாயங்காலம் மட்டும் லேசாகத் தெரிகிறது. பிரஷர் 124/74 முதல் 134/80. முட்டிவலி இருக்கிறது, படி ஏறும்போது அதிகம். நேற்று மெட்டியைக் கழற்றித் தேய்த்துக் கழுவிப் போட்டுக்கொண்டேன்."